நடுவே வெற்றிடம்: எலிப்பொறிக் கட்டுச் சுவர் எங்கே மிச்சம் பிடிக்கிறது

நம் ஊரில் 9 அங்குலச் சுவர் என்றால் செங்கலைப் படுக்கப்போட்டுத்தான் கட்டுவார்கள். ஒரு வரியில் நீளவாட்டில் இரண்டு கல் பக்கத்தில் பக்கம், அடுத்த வரியில் குறுக்குவாட்டில், இப்படி மாறி மாறி மேலே ஏறும். சுவரை எங்கே வெட்டிப் பார்த்தாலும் செங்கலும் சாந்தும்தான் இருக்கும். எலிப்பொறிக் கட்டு, அதாவது ராட் டிராப் பாண்ட், அதே செங்கலை வைத்து அதே 9 அங்குலச் சுவரைக் கட்டும் முறைதான். ஒரே வித்தியாசம், கல் படுக்காது, நிற்கும்.

நம் சேம்பர் செங்கல் ஏறக்குறைய 9 அங்குல நீளம், 4¼ அங்குல அகலம், 3 அங்குல கனம். அந்த 3 அங்குலப் பக்கம் கீழே படும்படி நிறுத்தினால் கல்லின் உயரம் 4¼ ஆகிவிடும். வெளிமுகத்தில் ஒரு கல்லை நீளவாட்டில் இப்படி நிறுத்துங்கள், உள்முகத்தில் அதற்கு நேராக இன்னொன்றை நிறுத்துங்கள். இரண்டும் 3 அங்குலம், சுவர் 9 அங்குலம், அப்படியானால் நடுவில் 3 அங்குலம் காலி. இந்த ஜோடி முடிந்ததும் ஒரு கல்லைக் குறுக்கே நிறுத்துங்கள், அது வெளிமுகத்திலிருந்து உள்முகம் வரை 9 அங்குலமும் போய் வெளிவரிசை, உள்வரிசை என்ற இரண்டு தோலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மறுபடி ஒரு ஜோடி, மறுபடி ஒரு குறுக்குக்கல். மேலே நின்று பார்த்தால் வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டிகள் தெரியும், பேர் அதிலிருந்து வந்ததுதான். அடுத்த வரியில் குறுக்குக்கல் கீழே உள்ள நீளக்கல்லின் நட்டநடுவில் வரவேண்டும். இது தவறினால் செங்குத்து இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வந்து சுவர் அங்கேதான் முதலில் பிளக்கும்.

இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே தொழிலாளர் குடில்களுக்கும் தோட்ட மதில்களுக்கும் இப்படிக் கட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் இதைப் பரப்பியவர் லாரி பேக்கர். 1917ல் பர்மிங்காமில் பிறந்து, 1945ல் இந்தியா வந்து, பிறகு திருவனந்தபுரத்தில் நிலைத்துவிட்ட கட்டடக்கலைஞர். அங்கே அவர் கட்டிய வீடுகளிலும், 1985ல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்ட் அமைப்பின் கட்டடங்களிலும் இந்தச் சுவரைப் பூச்சில்லாமலே பார்க்கலாம். பேக்கருக்குப் பணம் மட்டும் கணக்கில்லை, செங்கல் சுட எரிகிற விறகும் கணக்குதான். ஒரு சுவரில் குறைகிற ஒவ்வொரு செங்கலும் சூளையில் எரியாத விறகு என்று பார்த்தவர் அவர். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இந்தக் கட்டு கொஞ்சம் பழக்கமாக இருப்பதற்கு திருவனந்தபுரம் பக்கத்தில் இருப்பதுதான் காரணம். நான் மேற்பார்வை பார்த்த வீடுகளும் அந்தப் பக்கம்தான்.

சரி, எவ்வளவு மிச்சம்? கூகுளில் தேடினால் 25 சதவீதம், 30 சதவீதம், சிலர் 35 வரைக்கும் சொல்கிறார்கள். நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம், கஷ்டமான கணக்கில்லை.

செங்கல் 230 × 110 × 75 மில்லிமீட்டர், சாந்து இணைப்பு 10 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எலிப்பொறிக் கட்டில் ஒரு செட் என்பது ஒரு ஜோடி நீளக்கல்லும் ஒரு குறுக்குக்கல்லும், மொத்தம் 3 கல். இந்த 3 கல் சுவரின் முகத்தில் 325 மில்லிமீட்டர் நீளத்தையும் 120 மில்லிமீட்டர் உயரத்தையும் மூடுகிறது. இதே பரப்பைச் சாதாரணக் கட்டில் மூட 3.8 கல் வேண்டும். அதாவது நாலு கல் போகிற இடத்தில் மூன்று கல்லுக்குச் சற்று மேலே போகிறது. சதுர மீட்டருக்கு மாற்றினால் 98 கல்லுக்குப் பதில் 77 கல், மிச்சம் 21 சதவீதம் சொச்சம். 25 என்பது இதைக் கொஞ்சம் இழுத்துச் சொல்வது.

ஆனால் இதுவும் காகிதக் கணக்குதான், ஏனென்றால் சுவர் முழுக்க இந்தக் கட்டில் வராது. அடித்தளத்துக்கு மேலே முதல் வரி இடைவெளியில்லாமல் படுக்கைக்கல்லாகப் போகவேண்டும், சன்னல் அடிமட்டத்தில் ஒரு வரி, லின்டல் மட்டத்தில் ஒரு வரி, கூரை உட்காரும் இடத்தில் ஒரு வரி, இவையும் அப்படித்தான். 10 அடி நீளம் 10 அடி உயரம் உள்ள, கதவு சன்னல் எதுவும் இல்லாத ஒரு சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கட்டில் ஏறக்குறைய 910 கல். எலிப்பொறிக் கட்டில், இந்த நாலு திட வரிகளையும் சேர்த்து, 737 கல். மிச்சம் 173, அதாவது 19 சதவீதம். கதவும் சன்னலும் வந்தால் அவற்றின் இருபக்கமும் இடைவெளியை அடைத்துத்தான் கட்டவேண்டும், அப்போது இன்னும் இறங்கும். நான் வீட்டுக்காரர்களிடம் 15 முதல் 20 சதவீதம் என்றுதான் சொல்வேன். கல் 10 ரூபாய் என்று வைத்தால் இந்த ஒரு சுவரில் 1,730 ரூபாய்.

சாந்தில்தான் மிச்சம் இன்னும் அதிகம், பலர் இதைக் கவனிப்பதில்லை. சாதாரணக் கட்டில் நீளக்கல்லுக்கும் நீளக்கல்லுக்கும் நடுவே சுவரின் வயிற்றுக்குள் ஒரு சாந்து இணைப்பு ஓடுகிறதே, அது இதில் கிடையாது. வரி உயரம் கூடுவதால் கிடைமட்ட இணைப்புகளும் குறைகின்றன: 10 அடிக்குச் சாதாரணக் கட்டில் 35 வரி, இதில் 25 வரி. இரண்டும் சேர்ந்து சாந்து பாதியளவுக்குக் குறையும். அதே 10 அடிச் சுவரில், திட வரிகளையும் கழித்துப் பார்த்தால், 1:6 கலவைக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை சிமெண்டும் 6, 7 கன அடி மணலும் மிச்சம். கை சுத்தமாக இருந்தால் மட்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த மிச்சத்தோடு பூச்சு வேலை மிச்சத்தையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்வது ஒரு பழக்கமாகிவிட்டது, அது சரியில்லை. பூசாமல் விடுவது தனி முடிவு. எந்தக் கட்டிலும் பூசாமல் விடலாம், எலிப்பொறிக் கட்டையும் பூசலாம்.

அடுத்த கேள்வி எல்லாரும் கேட்பது: உள்ளே காலியாக இருந்தால் பலம் போகாதா? இதில் இரண்டு விஷயம் இருக்கிறது, இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும். மேலிருந்து வரும் பாரம் ஒன்று, சுவர் பக்கவாட்டில் வளைவது இன்னொன்று.

பாரத்தைத் தாங்குவது உண்மையில் இருக்கிற கல்தான், காற்று தாங்காது. எலிப்பொறிக் கட்டில் சுவரின் குறுக்குப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் கல்லும் சாந்தும். ஆகவே அதே பாரத்துக்கு ஒவ்வொரு கல்லின் மீதும் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடும். இதை மறைத்துவிட்டு 'பலம் துளியும் குறையாது' என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒன்றிரண்டு மாடி வீட்டில் ஒரு 9 அங்குலச் சுவர் மீது வருகிற பாரம், நல்ல செங்கல் தாங்கக்கூடியதைவிடக் குறைவு. இந்தக் கட்டில் அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் அதைத் தாங்கக் கல்லுக்கு இடம் இருக்கிறது. இரண்டு மாடிக்கு மேல் போனால், அல்லது கல் மட்டமாக இருந்தால், இந்த இடம் இருக்காது. அங்கே பொறியாளர் கணக்குப் போடாமல் கட்டக்கூடாது.

சுவர் வளைவது வேறு கதை. இங்கேதான் இந்தக் கட்டின் சூட்சுமம் இருக்கிறது. ஒரு சுவர் பக்கவாட்டில் வளைய முயலும்போது ஒரு முகம் இழுபடும், எதிர்முகம் அமுங்கும், நட்டநடுவில் இருக்கிற பொருளுக்கு வேலையே இல்லாத மாதிரிதான். ஸ்டீல் பீமில் மேலும் கீழும் தகடு வைத்து நடுவில் மெலிதாக விடுவது இதே காரணத்துக்குத்தான். 9 அங்குலச் சுவரின் நடுவில் 3 அங்குலத்தை எடுத்துவிட்டால், பொருளில் கால் பங்கு போகிறது, வளைவை எதிர்க்கும் விறைப்பில் போவதோ 4 சதவீதம் அளவுதான். எடுத்தது சும்மா இருந்த இடத்திலிருந்து எடுத்தது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை, இரண்டு தோலும் ஒரே சுவராக வேலை செய்யவேண்டும், அதைச் செய்ய வைப்பது குறுக்குக்கல். குறுக்குக்கல்லின் இரண்டு முனையிலும் சாந்து நிறையப் பிடிக்கவில்லை என்றால் அது 9 அங்குலச் சுவர் இல்லை, ஒன்றையொன்று தொடாமல் நிற்கும் இரண்டு 3 அங்குலச் சுவர்.

பாரத்தில் ஒரு லாபமும் உண்டு. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ எடை குறைகிறது. தூண், பீம் போட்டுக் கட்டும் வீட்டில் இந்த எடை பீமிலும் அடித்தளத்திலும் குறையும். அதே நேரம் அப்படிப்பட்ட வீட்டில் உள்சுவர்களுக்கு 4½ அங்குலம் போதும் என்றால், அது சதுர மீட்டருக்கு 49 கல்தான், எலிப்பொறிக் கட்டைவிட மலிவு. அதாவது 9 அங்குலம் கட்டாயம் வேண்டிய இடத்தில்தான் இந்தக் கட்டுக்கு அர்த்தம்: பாரம் தாங்கும் சுவர்கள், வெளிச்சுவர்கள். 'வீடு முழுக்க ராட் டிராப் போட்டுடலாம்' என்று ஆர்வமாக வருகிறவர்களிடம் முதலில் பிளானைக் காட்டச் சொல்லி, எந்தச் சுவர் 9, எந்தச் சுவர் 4½ என்று குறித்துவிட்டுத்தான் பேச்சே தொடங்குவேன்.

வெப்பம். வெற்றிடத்தில் இருக்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும், அது உண்மை. எவ்வளவு என்பதுதான் கேள்வி. நான் கணக்கிட்டுப் பார்த்த வரையில் இடைவெளியற்ற 9 அங்குலச் சுவரோடு ஒப்பிட்டால் உள்ளே கடக்கும் வெப்பம் 10 முதல் 15 சதவீதம் குறையும். அதற்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு குறுக்குக்கல்லும் வெளிமுகத்தையும் உள்முகத்தையும் நேராக இணைக்கிறது, வெப்பம் அதன் வழியாகப் பாலம் போட்ட மாதிரி போய்விடும். சுவரின் முகத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இப்படிப்பட்ட பாலம்தான். 'ஐந்து டிகிரி குறையும்' என்று ஒரு எண் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. மேற்குப் பார்த்த சுவரை மாலை நாலு மணிக்கு உள்பக்கம் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் கைக்குத் தெரியும், நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு மாடி வீட்டில் அறையைச் சூடாக்குவது முதலில் கூரை. வெறும் கான்கிரீட் கூரையை வெயிலில் காயவிட்டுவிட்டு, சுவரில் மட்டும் காற்றை அடைத்தால் வீடு குளிராது.

இன்னொன்று, அந்தக் காற்று அசையாமல் இருந்தால்தான் தடுக்கும். குறுக்குக்கற்கள் வரிக்கு வரி மாறி உட்காருவதால் பெட்டிகள் தனித்தனி மூடிய அறைகள் இல்லை, மேலும் கீழும் ஒன்றோடொன்று திறந்திருக்கும். அந்த நாலு திட வரிகள் இதையும் தடுத்து நிறுத்துகின்றன. உச்சியில் மூடாமல் விட்டால் வெற்றிடம் முழுக்கப் புகைபோக்கி மாதிரி ஆகிவிடும். அடியில் மூடாமல் விட்டால் கரையானுக்குச் சுரங்கப்பாதை.

இப்போது கை சுத்தம். மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீட்டில் முதல் இரண்டு நாள் வேலை முடிந்ததும் சிமெண்ட் மூட்டைகளை எண்ணினேன். செங்கல் கணக்குப்படி குறைந்திருந்தது, சிமெண்ட் மட்டும் குறையவே இல்லை, சாதாரணக் கட்டுக்கு ஆகிற அளவே போயிருந்தது. சாந்து எங்கே போயிருக்கும்? போன் டார்ச்சை அடித்து வெற்றிடத்துக்குள் பார்த்தேன். கொத்தனார் வழக்கப்படி கரணையால் அள்ளி முழு அகலத்துக்கும் விரித்திருக்கிறார், நடுவில் போட்டதெல்லாம் உள்ளே விழுந்து கட்டிகட்டியாக நின்றது. அதில் நஷ்டம் இரண்டு: சிமெண்ட் காசு ஒன்று, அந்தக் கட்டி வெளித்தோலையும் உள்தோலையும் தொடும் இடத்தில் ஈரமும் வெப்பமும் கடக்க ஒரு வழி கிடைப்பது இன்னொன்று.

'சார், கலவை உள்ள விழாம எப்படிப் போடுறது? கைய வச்சுப் பிடிச்சுக்கவா?' என்றார் அவர். நியாயமான கேள்வி, இருபது வருஷமாகப் பழகிய கையை ஒரே நாளில் மாற்றச் சொல்கிறோம். தச்சரிடம் 3 அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அகலத்தில் இரண்டடி நீள ரீப்பர் ஒன்றை வெட்டி, நடுவில் ஒரு கைப்பிடி அடித்து வாங்கினோம். வெற்றிடத்தின் மேல்வாயில் கட்டையை வைத்து மூடிவிட்டு இரண்டு தோலிலும் சாந்து போடுவது, கட்டையைத் தூக்கி அதன்மேல் விழுந்த சாந்தைச் சட்டியில் தட்டுவது, அடுத்த இடத்துக்கு நகர்த்துவது. மூன்றாம் நாள் மாலையில் அவரே இன்னொரு கட்டை கேட்டார். அன்றைக்குப் பிறகு சிமெண்ட் கணக்கு சரியாக வந்தது. சுவரை உடைக்காமல் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது: தினமும் மூட்டையை எண்ணுங்கள்.

நிற்கிற கல் படுத்த கல்லைவிட எளிதில் சாயும், சாந்து பச்சையாக இருக்கும்போது இன்னும் எளிதில். ஒரு நாளில் 3 அடிக்கு மேல் ஏற்ற நான் விடுவதில்லை. கல்லை முன்கூட்டியே நனைத்து வைக்காவிட்டால் அது சாந்தின் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், இந்தக் கட்டில் பிடிப்புப் பரப்பே குறைவு என்பதால் அது நேராகப் பலத்தை அடிக்கும். அப்புறம் செங்கலின் ஒரு முகத்தில் சூளையின் எழுத்து பதிந்த பள்ளம் இருக்குமே, நீளக்கல்லில் அந்தப் பள்ளம் வெற்றிடத்தைப் பார்த்து இருக்கவேண்டும், வெளியே வழவழ முகம். பூசாத சுவரில் இதைத் தவறவிட்டால் அங்கங்கே எழுத்தும் குழியுமாக நிற்கும், அந்தக் குழியில் மழைத் தண்ணீரும் தங்கும்.

கல் ஒரே அளவில் இருப்பது இங்கே ரொம்ப முக்கியம். சாதாரணக் கட்டில் கல் கால் அங்குலம் கூடக்குறைய இருந்தால் நடு இணைப்புச் சாந்தில் சரிக்கட்டிவிடலாம், உள்முகத்தைப் பூச்சு மறைத்துவிடும். இதில் குறுக்குக்கல்லின் நீளம்தான் சுவரின் கனம். அது ஒன்று 8¾, ஒன்று 9¼ என்று வந்தால் ஏதாவது ஒரு முகம் மேடும் பள்ளமுமாகத்தான் வரும். அளவு ஒழுங்கில்லாத நாட்டுக்கல்லை வாங்கிவிட்டு இந்தக் கட்டைப் போடச் சொன்னால், மிச்சம் பிடித்த சாந்தெல்லாம் பூச்சில் போய்விடும். லோடு இறக்கும்போதே இருபது கல்லை வரிசையாக நீளவாட்டில் அடுக்கி டேப் பிடித்துப் பாருங்கள், பிறகு உயரவாட்டில் அடுக்கிப் பாருங்கள். தண்ணீர் குடிக்கும் அளவையும் பார்த்துவிடுங்கள்: நன்றாகக் காய்ந்த கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு மறுபடி எடை போட்டால், எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடக்கூடாது. வெளித்தோல் 3 அங்குலம்தான், குறுக்குக்கல்லோ மழை படும் முகத்திலிருந்து உங்கள் அறைக்குள் நேராக வருகிறது. கல் உறிஞ்சினால் அடைமழையில் உள்சுவரில் 3 அங்குல அகல ஈரத்திட்டுகள் வரிசை பிசகாமல் தெரியும், அதைப் பார்த்தாலே குறுக்குக்கல் வழியாக வருகிறது என்று சொல்லிவிடலாம். சன்ஷேடும் கூரை விளிம்பும் நல்ல நீளமாக வெளியே வந்திருக்கவேண்டும். கேரளத்தில் இந்தச் சுவர் பூச்சில்லாமல் நிற்பதற்கு அந்த நீண்ட கூரை விளிம்புகளும் ஒரு காரணம்.

மின்சார வேலைதான் பெரும்பாலும் கெடுக்கிறது. சுவர் எழுந்த பிறகு எலக்ட்ரீஷியன் கட்டரோடு வந்து பைப் பதிக்கக் காடி வெட்டுவார். திடமான 9 அங்குலச் சுவரில் ஓர் அங்குலம் வெட்டுவது வேறு, 3 அங்குலத் தோலில் வெட்டுவது வேறு. கிடைமட்டமாக நீளமாக வெட்டிவிட்டால் அந்த இடத்தில் தோல் பாதியாகிவிடும். ஆனால் முன்யோசனை இருந்தால் இதுவே வசதி, பைப் போக வெற்றிடம் தயாராக இருக்கிறது. ஸ்விட்ச் பெட்டி எங்கே வரும் என்று கட்டுமுன்பே குறித்து, வரி ஏற ஏற பைப்பையும் உள்ளேயே நிறுத்திக்கொண்டு வந்துவிடவேண்டும். வாஷ்பேசின், கீசர், சமையலறை அலமாரி மாட்டும் இடங்களில் வெற்றிடத்தை கான்கிரீட்டால் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆணி தோலைத் தாண்டி காற்றில் போய் நிற்கும். குளியலறைச் சுவரை நான் எலிப்பொறிக் கட்டில் போடுவதே இல்லை, அத்தனை தண்ணீர்க் குழாயும் வெட்டும் அதில் வருகிறது, இடைவெளியில்லாமல் கட்டிவிடுவது நிம்மதி. நில அதிர்வுக்குக் கம்பி கட்டவேண்டும் என்று பொறியாளர் சொன்னால் மூலைகளிலும் கதவோரங்களிலும் உள்ள வெற்றிடத்திலேயே செங்குத்துக் கம்பியை இறக்கி கான்கிரீட் நிரப்பிவிடலாம், தனியாகப் பலகை அடிக்க வேண்டியதில்லை.

கடைசி வரி போடும் நாளில் கட்டாயம் தளத்தில் இருங்கள். கூரை உட்காரும் அந்த வரி படுக்கைக்கல்லாக, வெற்றிடத்தை முழுக்க மூடிக்கொண்டு போகவேண்டும், அவசரத்தில் அதை விட்டுவிட்டு நேராக சென்டரிங் பலகை அடித்துவிடுவார்கள், கான்கிரீட் போடும்போது சிமெண்ட் பாலும் சல்லியும் வெற்றிடத்துக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. மூடுவதற்கு முன் ஏணியில் ஏறி ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். அடி வரைக்கும் வெளிச்சம் போகாது, குறுக்குக்கற்கள் மறைக்கும், ஆனால் முதல் இரண்டு மூன்று வரியில் பக்கச்சுவரில் சாந்து வழிந்திருக்கிறதா, கட்டி நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.